ஒன்பதரைக்கு விழித்திருக்க

என் கடையில் மதியம் மூன்று மணிக்கு முன்னால் சுத்தியல் சத்தம் கேட்காது. விழுப்புரத்தில் வேறு எந்த டூவீலர் மெக்கானிக்கும் இப்படிக் கடை நடத்தமாட்டான். காலையில் பஞ்சர் ஒட்டுவேன், ஆயில் மாற்றுவேன், வயர் பார்ப்பேன். சேசிஸைத் தட்டி நிமிர்த்துவது, இன்ஜினை முறுக்கிப் பார்ப்பது எல்லாம் மூன்று மணிக்கு மேல்தான். அவசரம் என்று எவனாவது குதித்தால், "வேற கடைக்குப் போ நைனா" என்று விரட்டிவிடுவேன்.

காரணம், கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் என் பெண்டாட்டி மலர்விழி தூங்கிக்கொண்டிருப்பாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பில்லிங் கவுண்டரில் அவளுக்கு நைட் டியூட்டி. இரவு ஒன்பதுக்குப் போனால் காலை ஏழுக்கு விடுவார்கள். வந்து, குளித்து, எங்கள் மகள் வெண்ணிலாவுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுவாள். நாலு வருஷமாக இதுதான் பிழைப்பு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்து மாட்டியிருந்தோம். பட்டப்பகலில் அந்த அறைக்குள் போனால் சினிமா தியேட்டரில் சீட் தேடுகிற மாதிரி தடவிக்கொண்டுதான் போகவேண்டும்.

நான் மட்டுமா? தெருவே அவளுக்காக வாயைப் பொத்திக்கொண்டது. பக்கத்து வீட்டு லூர்துமேரி அக்கா காலையில் மிக்ஸி போடமாட்டார், சட்னியை முதல் நாளே அரைத்து வைத்துவிடுவார். கோலமாவு விற்கிறவர் எங்கள் வாசல் வந்ததும் குரலை அடக்கிக்கொள்வார். லீவு நாளில் பிள்ளைகள் விளையாடினால், "ஷ்ஷ், மலரக்கா தூங்குது" என்று ஒருத்தரை ஒருத்தர் அதட்டிக்கொள்ளும். சொந்தக்காரன்கூட இப்படிப் பார்க்கமாட்டான். நல்ல சனங்கள்தான். அந்த நல்ல மனசே எங்களை எந்தப் பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மலர்விழி பி.காம். படித்தவள். குரூப் ஃபோர் எழுதி ஜூனியர் அசிஸ்டென்ட் ஆகிவிட்டால், காலையில் போய் சாயங்காலம் வரலாம், ராத்திரியில் மனுஷர்கள் மாதிரி தூங்கலாம். எங்களுக்கு வேறு ஆசையே இல்லை. போன வருஷம் வெறித்தனமாகப் படித்தாள். ஆஸ்பத்திரியில் கூட்டம் ஓய்ந்த நடுச்சாமத்தில், கவுண்டரில் உட்கார்ந்து ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தாள். எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் வரும்.

பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி லீவு போட வைத்தேன். "நல்லா தூங்கி எழுந்து போ" என்று பத்து மணிக்கே விளக்கை அணைத்தேன். எங்கே தூங்கினாள்? விடியும் வரை புரண்டாள். காலையில் காபியைக் குடித்துவிட்டு ஹாலுக்குப் போனாள். பரீட்சை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை. அவளுக்கு அது நட்டநடு ராத்திரி. பதினோரு மணி வாக்கில் கண்காணிப்பாளர் வந்து தோளைத் தட்டினாராம், "ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று. விடைத்தாளின் மேல் தலையை வைத்துத் தூங்கியிருக்கிறாள். எழுந்து பார்த்தால் இருநூறில் நூற்றைம்பது கேள்வி மிச்சம். அவசர அவசரமாக வட்டத்தைக் கருப்பாக்கியதில் வரிசை மாறிவிட்டது. ரிசல்ட் வந்தபோது கட்-ஆஃபுக்கு நாலே கேள்வி குறைந்தது.

தெரியாமல் தோற்றிருந்தால் பரவாயில்லை. தெரிந்த பதிலைத் தூக்கத்தில் விட்டுவிட்டு வந்தாள். பரீட்சை முடிந்து திரும்பும்போது ஆட்டோவில் வாய்விட்டு அழுதாள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை, ஆட்டோக்காரனோடு சண்டை போட்டேன்.

இந்த வருஷம் ஹால் டிக்கெட் வந்ததும் சொன்னாள்.

"இந்தத் தபா இல்லன்னா, இனிமே எழுத மாட்டேங்க. என்னால முடியல."

"எழுதலாம், அதுக்கின்னா இப்போ?"

"இல்ல, கேளுங்க. ஒரு நாள் லீவு போட்டா ஒடம்பு மாறாது. டூட்டி டாக்டர் அஸ்வினி சொன்னாங்க. அவங்களும் நைட்டு பாக்கறவங்கதானே. மூணு நாலு வாரம் முன்னாடியே மாத்திக்கினு வரணுமாம்."

"அப்ப இன்னைக்கே ராத்திரி பத்து மணிக்குப் படுத்துக்கோ. முடிஞ்சுது கதை."

தலையில் அடித்துக்கொண்டாள். "அதான் போன வருசம் பண்ணோமே! தூக்கத்த முன்னாடி இழுத்தா வராது. பின்னாடி தள்ளிக்கினே போனா வரும்."

எனக்கு அதற்கப்புறம்தான் புரிந்தது. சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி. ஒரு பக்கம் சுற்றினால் சும்மா கடகடவென்று போகும், மறுபக்கம் முக்கினால் பல் பிடித்துக்கொள்ளும். காலை எட்டரைக்குத் தூங்குகிறவளை முந்தின ராத்திரி பத்துக்கு இழுப்பது கஷ்டம். எட்டரையைப் பத்தரையாக்கி, மறுநாள் பன்னிரண்டரையாக்கி, அப்படியே தினமும் இரண்டு மணி நேரம் தள்ளிக்கொண்டே போனால், ஒரே வாரத்தில் சுற்றி வந்து ராத்திரி பத்தரையில் நிற்கும். அந்த வாரம் லீவு போட்டாள். அதற்கப்புறம், கூட வேலை செய்கிற காந்திமதி தன்னுடைய மதிய ஷிஃப்டை இவளுக்குக் கொடுத்து நைட்டை எடுத்துக்கொண்டாள். "பொங்கலுக்கு நீதான்டி டூட்டி" என்று ஒரே நிபந்தனை.

அந்த ஒரு வாரம் வீடா அது, கோமாளிக் கொட்டகை. ஒரு நாள் பகல் பதினொன்றரைக்கு நான் சாப்பிட உட்கார்ந்தால் அவள் தூங்காமல் இருக்க நின்றுகொண்டே துணி மடிக்கிறாள். இன்னொரு நாள் வெண்ணிலா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது படுக்கப் போகிறாள். சாயங்காலம் ஆறரைக்குப் படுத்த நாள், நடுராத்திரி தாண்டி எழுந்து பல் தேய்த்துவிட்டு, "டிபன் இன்னா?" என்று கேட்டாள். நான் அரைத்தூக்கத்தில் உப்புமா கிண்டினேன். வெண்ணிலா காலையில் எழுந்து, "அம்மாவுக்கு இப்ப காலையா, சாயங்காலமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

ஆனால் சொன்ன மாதிரியே ஏழாவது நாள் நடந்தது. ராத்திரி பத்தரைக்கு, நானும் மகளும் தூங்குகிற நேரத்தில், அவளும் தூங்கினாள். நான்தான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மூன்று பேரின் மூச்சும் ஒரே நேரத்தில் அந்த அறையில் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது!

மறுநாளே கறுப்புத் துணியைக் கழற்றிக் கொடியில் எறிந்தேன். காலை ஆறரைக்கு எழுந்ததும் அவள் வெளியே வந்து அரை மணி நேரம் வெயிலில் நடக்கவேண்டும். வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பு அதைக் காலை என்று நம்புமாம். மூன்று மணிக்கு மேல் டீ கிடையாது. பகலில் ஒரு கண் அயர்வதும் கிடையாது. தினமும் ஒன்பதரைக்கு, பழைய கேள்வித்தாளை எடுத்து, கருப்புப் பேனாவோடு உட்கார்ந்து பன்னிரண்டரை வரை எழுதவேண்டும். அதை முடித்துச் சாப்பிட்டுவிட்டு மதிய ஷிஃப்டுக்குக் கிளம்புவாள்.

மதிய ஷிஃப்ட் தொடங்கிய இரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை. பக்கத்து ஊரான காணையிலிருந்து ஒருத்தர், தன் புல்லட் வழியில் நின்றுவிட்டது என்று போன் செய்தார். போனேன். திரும்பி வரும்போது பன்னிரண்டு மணி இருக்கும். தெருமுனையில் நுழைந்தேன். ஒரு சத்தம் இல்லை. லூர்துமேரி அக்கா எங்கள் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தார்.

"மெதுவா வாங்க தம்பி. வண்டிய ஆஃப் பண்ணுங்க. பாவம், புள்ள டேபிள்லயே சாஞ்சிடுச்சு. நான்தான் எழுப்பிக் கட்டில்ல படுக்க வச்சேன். அந்தக் கறுப்புத் துணி கொடியில கெடந்துது, அதையும் ஜன்னல்ல மாட்டிட்டேன். ரெண்டு மணி நேரமா நல்லா தூங்குது."

முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

"யக்கா! அது தூங்கக்கூடாதுக்கா!"

"அய்ய, இன்னா மனுசன் நீங்க? நைட்டெல்லாம் வேல செய்ற பொண்ணு தூங்கக்கூடாதா?"

"இப்ப நைட்டு வேல இல்லக்கா! ஒரு வாரமா மதிய ஷிஃப்டு!"

"அட மாதாவே! அத எங்கிட்ட யாரு சொன்னா?"

யார் சொன்னது? யாருமே சொல்லவில்லை. நாலு வருஷம் அமைதி காத்த சனத்திடம், இனி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. உள்ளே ஓடித் துணியைப் பிடுங்கினேன். மலர்விழி எழுந்து கடிகாரத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"ஒடம்பு இன்னும் மறக்கலங்க. இருட்டு பண்ணதும் அப்படியே பழையபடி போயிடுச்சு. ஹால்லயும் இப்படித்தான் ஆவப்போவுது."

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை அவளுக்கு. விடிகிற நேரத்தில்தான் அசந்தாள். பாவம் பார்த்து எழுப்பாமல் விட்டுவிடலாமா என்று எனக்கே கை கூசியது. ஆனால் இங்கே விட்டால் மொத்தமும் போச்சு. ஆறரைக்கு உலுக்கி எழுப்பி, வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினேன். "கொல்றீங்களே" என்றாள். "ஆமா, கொல்றேன், நட" என்றேன். அன்று பகல் முழுக்கத் தூங்காமல் அடக்கிவைத்தோம். ராத்திரி பத்தரைக்குத் தலையணையில் தலை பட்டதும் தூங்கிவிட்டாள்.

இதற்குள் நான் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். "ஒன்பதரையிலேர்ந்து பன்னெண்டரை வரைக்கும் எங்க வூட்டுப் பக்கம் சத்தம் கேட்டுக்கினே இருக்கணும், சொல்லிட்டேன்." சொல்லியிருக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு லூர்துமேரி அக்கா செய்த பாவத்துக்குப் பரிகாரமாக மிக்ஸியையும் கிரைண்டரையும் சேர்த்துப் போட்டார். கோலமாவுக்காரர் எங்கள் வாசலிலேயே நின்று தொண்டை கிழியக் கத்தினார். எதிர்வீட்டில் பாட்டை அலறவிட்டார்கள். நானும் விடுவேனா, சைலன்சர் இல்லாத ஒரு வண்டியை ஸ்டார்ட் செய்து முறுக்கினேன். தெரு திருவிழா ஆனது.

மலர்விழி பேனாவோடு வெளியே வந்தாள். கண்ணில் நெருப்பு.

"எல்லாருக்கும் பைத்தியமா புடிச்சிருக்கு? பரீட்ச ஹால்ல மிக்ஸியா ஓடும்? அங்க குண்டூசி வுழுந்தாக் கேக்கும். அந்த அமைதியிலதான் நான் முழிச்சிருக்கப் பழகணும்!"

மிக்ஸி நின்றது. பாட்டு நின்றது. நான் வண்டியை அணைத்தேன்.

"அப்ப நாங்க இன்னாதான்மா பண்ணணும்?" என்றார் லூர்துமேரி அக்கா, பரிதாபமாக.

"ஒண்ணும் பண்ணாதீங்கக்கா. உங்க வேலயப் பாருங்க. நான் தூங்கினா மட்டும் எழுப்பி வுடுங்க. இருட்டு மட்டும் பண்ணிடாதீங்க."

அதோடு ஒழுங்குக்கு வந்தது. மேசையைத் தூக்கி, நல்ல வெளிச்சம் விழுகிற கடை ஓரத்தில் போட்டேன். கடையில் அந்த மூன்று மணி நேரமும் பழையபடி சத்தமில்லாத வேலை மட்டும். லூர்துமேரி அக்கா அடிக்கடி எட்டிப் பார்த்து, அவள் தலை சாய்கிறதா என்று கண்காணிப்பாளர் மாதிரி நோட்டம் விடுவார். முதலில் பத்தரை மணி வந்தால் கண் சொருகும். எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து எழுதுவாள். பிறகு கொட்டாவியோடு நின்றது. கடைசி வாரத்தில் அதுவும் இல்லை. ஒரு நாள் பதினோரு மணிக்குத் தலையைத் தூக்கி, "இன்னாங்க, பசிக்குது" என்றாள். நாலு வருஷத்தில் அந்த நேரத்தில் அவளுக்குப் பசித்ததே இல்லை. நான் உடனே ஓடிப்போய் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வாங்கி வந்தேன். பெரிய விருந்து போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில். விழுப்புரத்தில் இருந்துகொண்டு பரீட்சை மையத்துக்கு அந்த ஊரை ஏன் போட்டாய் என்று கேட்டதற்கு, "போன வருசம் தூங்குன ஸ்கூல் பக்கமே நான் போவமாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். மகளை லூர்துமேரி அக்காவிடம் விட்டோம். முதல் நாள் ராத்திரி மலர்விழி பத்தரைக்குத் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. அவள் தூங்குகிறாளா, தூங்குகிறாளா என்று பார்த்தே விடிந்தது. காலையில் என் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள்.

"பரீட்ச உங்களுக்கா, எனக்கா?"

"பேசாத. வண்டியில ஏறு."

விக்கிரவாண்டி தாண்டும்போது வெயில் முகத்தில் நேராக அடித்தது. "கண்ணுக்கு நல்லாருக்கு" என்றாள் பின்னாலிருந்து. எட்டு மணிக்கெல்லாம் பள்ளிக்கூட வாசலில் இருந்தோம். இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடமாட்டேன் என்றாள். ஒரு டீ குடித்தாள், எப்போதும் குடிக்கிற அதே அளவு. ஒன்பதுக்கு உள்ளே போனாள். கேட்டை மூடிவிட்டார்கள்.

அந்த மூன்று மணி நேரத்தை எப்படிச் சொல்ல? வாசலுக்கு எதிரே புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தேன். எந்த ஜன்னல் அவளுடையது என்று தெரியாது. எல்லா ஜன்னலையும் முறைத்தேன். பத்தரை ஆனபோது, "மலரு, முகத்தக் கழுவுடி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், பக்கத்தில் நின்ற ஆள் ஒரு மாதிரி பார்த்தார். பதினோரு மணி நெருங்கியது. போன வருஷம் தோளைத் தட்டிய நேரம். திருவக்கரை அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். கண்ணை மூடித்தான் வேண்டினேன்.

யாரோ தோளைத் தட்டினார்கள்.

"ஏங்க, உடம்பு சரியில்லையா?"

விழித்துப் பார்த்தால் மலர்விழி. பின்னால் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். நான் பெட்ரோல் டேங்க் மேல் கவிழ்ந்து, வாயோரம் எச்சில் வழியத் தூங்கியிருக்கிறேன். மணி ஒன்றாகப் போகிறது.

"இன்னா ஆச்சு? தூங்கிட்டியா?" என்று பதறினேன்.

"தூங்கினது நீங்க!" விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்போடே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஒரு கொட்டாவி வரலங்க. எரநூறையும் பாத்துட்டேன். பத்து நிமிசம் மீதி இருந்துது, திரும்பி ஒரு தபா சரிபார்த்தேன். தெரியாத கேள்வி இருந்துது, அது வேற. தெரிஞ்சது ஒண்ணையும் வுடல."

எனக்கு உயிர் வந்தது. நடுரோட்டில் எல்லோரும் பார்க்க அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தவன் விடவில்லை, டீக்கடைக்காரர் சிரித்த பிறகுதான் விட்டேன். திரும்பும்போது, "தூங்குமூஞ்சி, தள்ளி உக்காருங்க" என்று அவளே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் காந்திமதி போன் செய்தாள். "நைட்டு எனக்குப் பழகிப்போச்சுடி. ரிசல்ட் வர்ற வரைக்கும் நானே பாத்துக்கறேன். பொங்கல மட்டும் மறந்துடாத." ரிசல்ட் வர மாசக்கணக்கில் ஆகும். வரட்டும். தெரிந்ததை எழுதிவிட்டு வந்தாள், இனி வருவது வரட்டும் என்ற நிம்மதியே போதும் எனக்கு.

திங்கட்கிழமை காலை. ஒன்பதரை மணிக்கு வளைந்த ஃபுட்ரெஸ்ட் ஒன்றைப் பட்டறைக்கல்லில் வைத்தேன். சுத்தியலைத் தூக்கினேன். தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. நாலு வருஷப் பழக்கம், காது தானாக உள்ளே போய் அவள் மூச்சைத் தேடியது. தெருவும் அமைதியாகத்தான் இருந்தது. லூர்துமேரி அக்கா கையில் சட்னிக் கிண்ணத்தோடு மிக்ஸி முன்னால் யோசித்துக்கொண்டு நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

மலர்விழி ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டபடி என்னைப் பார்த்தாள். வெயில் அவள் முகம் முழுக்க இருந்தது.

"எவ்ளோ நேரம் கையத் தூக்கிக்கினே நிப்பீங்க? அடிங்க."

அடித்தேன். அடுத்த நொடி பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது.